சரிவகத் தொகையீடா, முதல் வேறுபாடா? கொழுந்து வாட்டும் விசிறி ஒன்றின் அதிர்வை அளக்க இரு வழிகள்

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தோட்டத்தார் ஸ்டோர் என்றே சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் விசிறி ஒன்று பலகைத் தளமே அதிரும்படி ஓடத் தொடங்கியது. ஆறு இதழ்கள் கொண்ட அந்த விசிறி நிமிடத்துக்கு 1440 சுற்றுகள் சுற்றுகிறது. ஆகவே அதன் சுழற்சி மீடிறன் 24 ஹேட்ஸ், இதழ்கள் கடக்கும் மீடிறன் அதன் ஆறு மடங்கான 144 ஹேட்ஸ். விசிறியைக் கழற்றிப் பார்ப்பதா, இந்தப் பருவம் முடியும்வரை ஓட விடுவதா என்பதை டீமேக்கர் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அதற்கு அவர் எங்களிடம் கேட்டது ஓர் எண் மட்டுமே.

அந்த எண் அதிர்வின் வேகம். இயந்திர அதிர்வின் கடுமையைச் செக்கனுக்கு இத்தனை மில்லிமீற்றர் என்று வேகத்தின் வர்க்க இடை மூலப் பெறுமானமாகச் சொல்வதே வழக்கம். 1995 இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 10816-1 நியமம் 15 கிலோவாற்று வரையான சிறிய இயந்திரங்களுக்கு 0.71, 1.8, 4.5 என்ற மூன்று எல்லைகளைத் தருகிறது. 1.8 ஐத் தாண்டினால் நீண்ட காலம் அப்படியே ஓட விடக்கூடாது, 4.5 ஐத் தாண்டினால் சேதம் விளையக்கூடும். பின்னர் 20816 வரிசை அந்த நியமத்தின் இடத்தை எடுத்துக்கொண்டாலும், களத்தில் இன்றும் பலர் மனத்தில் வைத்திருப்பவை இந்த எண்களே.

ஆனால் எங்கள் கையில் வேகத்தை நேரே அளக்கும் கருவி இல்லை. பெயாரிங் கூட்டின்மேல் திருகிப் பூட்டக்கூடிய ஆர்முடுகல் உணரி ஒன்று இருந்தது. அதன் அளவீட்டை ஒரு தடவை தொகையிட்டால் வேகம் வரும். இடப்பெயர்ச்சியை அளக்கும் சுழல் மின்னோட்ட உணரி ஒன்றும் இருந்தது. அதன் அளவீட்டை ஒரு தடவை வகையிட்டாலும் வேகமே வரும். தொகையிடுவதற்குச் சரிவக விதியும் வகையிடுவதற்கு முதல் வேறுபாடும் எவருக்கும் முதலில் தோன்றும் வழிகள். இரண்டும் ஒரே வரியில் எழுதி முடிக்கக்கூடியவை என்பதாலேயே, அவை எங்கே பிழைக்கின்றன என்று எவரும் நின்று பார்ப்பதில்லை.

மாதிரிகளுக்கு இடையிலான நேரத்தை T என்றும், மாதிரி வீதத்தை fs என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு வழிகளும் இவை:

```
சரிவகம்:   y[n] = y[n-1] + (T/2)(x[n] + x[n-1])
வேறுபாடு:  y[n] = (x[n] - x[n-1]) / T
```

முதலாவதில், அடுத்தடுத்த இரு மாதிரிகளுக்கு இடையிலுள்ள சரிவகத்தின் பரப்பை, அதுவரை சேர்ந்த கூட்டுத்தொகையுடன் சேர்க்கிறோம். இரண்டாவதில், இரு மாதிரிகளை இணைக்கும் நேர்கோட்டின் சாய்வை எடுக்கிறோம். இரண்டு வழிகளும் வளைவை நேர்கோடாகவே பாவிக்கின்றன. ஒரு சுற்றுக்குள் பல மாதிரிகள் விழுந்தால் அந்தப் பாவனை பொருந்தும். மூன்று நான்கு மாதிரிகளே விழுந்தால் பொருந்தாது. எவ்வளவு பொருந்தாது என்பதை மீடிறன் துலங்கல் துல்லியமாகச் சொல்கிறது.

இலட்சியத் தொகையி, மீடிறன் f உள்ள சைன் அலையின் வீச்சத்தை 2πf ஆல் வகுத்து, அதன் அவத்தையை 90 பாகை பின்தள்ளும். இலட்சிய வகையி வீச்சத்தை 2πf ஆல் பெருக்கி, அவத்தையை 90 பாகை முன்தள்ளும். எங்கள் இரண்டு வழிகளின் துலங்கலையும் இந்த இலட்சியங்களால் வகுத்தால், எஞ்சுவது பிழை மட்டுமே. θ = πf/fs என்று எடுத்துக்கொண்டால் அந்த விகிதங்கள் இப்படி அமைகின்றன:

```
சரிவகம் / இலட்சியம்  = θ cos θ / sin θ
வேறுபாடு / இலட்சியம் = (sin θ / θ) e^(-jθ)
```

முதல் வரியில் சிக்கலெண் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரிவகத்தின் அவத்தை எல்லா மீடிறன்களிலும் சரியாக 90 பாகை பின்னே நிற்கிறது. பிழை வீச்சத்தில் மட்டுமே உண்டு. இரண்டாவது வரியிலோ வீச்சப் பிழையுடன் அவத்தைப் பிழையும் சேர்ந்து வருகிறது. இதை மட்டும் பார்ப்பவர் சரிவகமே மேல் என்று உடனே சொல்லிவிடுவார். நானும் அப்படித்தான் சொன்னேன்; அது அரைகுறையான முடிவு என்பது பிறகுதான் தெரிந்தது.

சிறிய θ க்குச் சரிவகத்தின் விகிதம் ஏறத்தாழ 1 − θ²/3, வேறுபாட்டின் விகிதம் ஏறத்தாழ 1 − θ²/6. அதாவது இரண்டும் வீச்சத்தைக் குறைத்தே காட்டுகின்றன. அதிலும் சரிவகத்தின் குறைவு வேறுபாட்டின் குறைவைப்போல் இரு மடங்கு. மீடிறன் கூடக்கூட இடைவெளி விரிகிறது. மாதிரி வீதத்தின் அரைவாசியான நைக்குவிஸ்ட் எல்லையில் சரிவகம் முற்றாகப் பூச்சியமாகிறது. காரணம் எளிது: அந்த மீடிறனில் அடுத்தடுத்த மாதிரிகள் கூட்டலும் கழித்தலுமாக மாறிமாறி வருவதால், அவற்றைச் சோடி சோடியாகக் கூட்டும் சரிவகத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. வேறுபாடு அதே இடத்தில் 2/π, அதாவது 0.637 பங்கைக் காப்பாற்றுகிறது. ஆனால் அங்கே அதன் அவத்தை 90 பாகை பின்தங்கி, இலட்சியம் தரவேண்டிய முன்தள்ளலை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது.

இனி விசிறிக்கு வருவோம். முதல் தடவை 400 ஹேட்ஸ் வீதத்தில் மாதிரி எடுத்தோம். அக்கறைக்குரிய மிக உயர்ந்த மீடிறன் 144 என்பதால், அதன் இரு மடங்குக்கு மேல் எடுத்தாயிற்று, நைக்குவிஸ்ட் நிபந்தனை நிறைவேறியது என்பது எங்கள் நியாயம். நிபந்தனை நிறைவேறியது உண்மை. மாதிரிகளில் தகவல் முழுமையாக இருந்ததும் உண்மை. அந்தத் தகவலிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் விதிதான் அதைக் கெடுத்தது.

என்ன நடந்தது என்று காட்ட, கைக்கணக்குக்கு வசதியான எண்களை வைத்துப் பார்ப்போம். உண்மையான வேகத்தில் 24 ஹேட்ஸ் கூறு 1.2 மில்லிமீற்றர், 144 ஹேட்ஸ் கூறு 1.6 மில்லிமீற்றர் என்று கொள்வோம். செக்கனுக்கு என்பதை இனி ஒவ்வொரு முறையும் சொல்லவில்லை. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால் சரியாக 2.0 வருகிறது. 1.8 என்ற எல்லை தாண்டப்பட்டுவிட்டது. விசிறியைப் பார்க்கத்தான் வேண்டும்.

400 ஹேட்ஸில் 24 ஹேட்ஸ் கூறுக்கு θ 10.8 பாகை. சரிவகம் அதில் 0.988 பங்கையும், வேறுபாடு 0.994 பங்கையும் தருகின்றன. குறைசொல்ல ஒன்றுமில்லை. 144 ஹேட்ஸ் கூறுக்கு θ 64.8 பாகை. இங்கே சரிவகம் 0.532 பங்கை மட்டுமே தருகிறது, வேறுபாடு 0.800 பங்கைத் தருகிறது. ஆகவே ஆர்முடுகலைச் சரிவகத்தால் தொகையிட்டவருக்குக் கிடைக்கும் மொத்த வேகம் 1.46. இடப்பெயர்ச்சியை வேறுபாட்டால் வகையிட்டவருக்குக் கிடைப்பது 1.75. உண்மை 2.0 ஆக இருக்க, இரண்டு பேருமே விசிறி எல்லைக்குள் நிற்கிறது என்று எழுதிக் கையொப்பமிடுவார்கள். இருவரின் எண்களும் ஒரே பக்கம் சாய்வதால், ஒன்றை ஒன்று சரிபார்த்ததாக நினைத்து நிம்மதியும் அடைவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு கணக்குகளும் குறைத்தே காட்டுமானால், அந்த ஒப்பீட்டில் பிழை தெரியாது.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க விசிறி வேண்டியதில்லை. விடை தெரிந்த ஒரு சைன் அலையைக் கணக்குக்குள் அனுப்பினால் போதும்:

```python
import numpy as np
fs, f = 400, 144
n = np.arange(4000)
a = np.sin(2*np.pi*f*n/fs)
v = np.cumsum(a[1:] + a[:-1]) / (2*fs)
v -= v.mean()
print(round(np.sqrt(np.mean(v**2)) * 2*np.pi*f / a.std(), 3))
```

இது 0.532 என்று அச்சிடும். சராசரியைக் கழிக்கும் வரி ஏன் இருக்கிறது என்று கேட்பவருக்கு: தொகையிடல் பூச்சியத்தில் தொடங்குவதால் அலை நடுக்கோட்டைச் சுற்றி அமையாமல் ஒரு பக்கம் ஏறி நிற்கும், அந்த மாறிலியை நீக்காவிட்டால் வீச்சத்தைத் தவறாக வாசிக்க நேரும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆர்முடுகலைச் சரிவகத்தால் தொகையிட்டு, கிடைத்ததை முதல் வேறுபாட்டால் வகையிட்டுப் பாருங்கள். பழைய ஆர்முடுகல் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்போம். வருவதோ அடுத்தடுத்த இரு மாதிரிகளின் சராசரி. இந்த இரண்டு விதிகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறு அல்ல. 144 ஹேட்ஸில் 0.532 ஐ 0.800 ஆல் பெருக்கினால் 0.426; அதுவே 64.8 பாகையின் கோசைன். ஒன்றின் இழப்பை மற்றது ஈடுசெய்யாது, இழப்புகள் பெருகும். சரிவகத்தின் உண்மையான நேர்மாறை எழுதலாம்தான். ஆனால் சரிவகம் நைக்குவிஸ்டில் பூச்சியமாவதால் அதன் நேர்மாறு அங்கே எல்லையற்றுப் பெருகி, மாதிரிக்கு மாதிரி மேலும் கீழுமாகத் துள்ளும் ஒரு சமிக்ஞையை விடாமல் சுமந்துகொண்டிருக்கும். அதைப் பயன்படுத்த வேண்டாம்.

உயர் மீடிறனில் தோற்பதற்கு மருந்து வெளிப்படையானது: மாதிரி வீதத்தைக் கூட்ட வேண்டும். 1600 ஹேட்ஸுக்குப் போனால் 144 ஹேட்ஸின் θ 16.2 பாகையாகச் சுருங்குகிறது, சரிவகம் 0.973 பங்கையும் வேறுபாடு 0.987 பங்கையும் தருகின்றன. மொத்தம் முறையே 1.97, 1.98. இரண்டுமே எல்லை தாண்டியதைச் சரியாகச் சொல்கின்றன. இங்கேயே நிறுத்தியிருந்தால், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு வழிகளும் பிரிந்து போவது இதற்கு அப்பால்தான். ஒன்று தாழ்ந்த மீடிறனில் தடுக்கி விழுகிறது. மற்றது, நாம் மருந்தாகக் கூட்டிய மாதிரி வீதத்தாலேயே நோய்ப்படுகிறது.

முதலில் வேறுபாட்டைப் பார்ப்போம். இடப்பெயர்ச்சி என்ற அளவில் இந்த அதிர்வுகள் எவ்வளவு சிறியவை என்பதை எண்ணாகக் கண்டால்தான் மனத்தில் படும். 24 ஹேட்ஸில் 1.2 மில்லிமீற்றர் வேகம் என்பது ஏறத்தாழ 8 மைக்ரோமீற்றர் அசைவு. 144 ஹேட்ஸில் 1.6 என்பது 1.8 மைக்ரோமீற்றருக்கும் சற்றுக் குறைவு. உணரியின் இரைச்சல் மாதிரிக்கு மாதிரி தொடர்பில்லாமல் 0.5 மைக்ரோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இரு மாதிரிகளைக் கழிக்கும்போது இரைச்சல் கழிவதில்லை; √2 மடங்காகிறது. பிறகு T ஆல் வகுக்கிறோம், அதாவது fs ஆல் பெருக்குகிறோம். 400 ஹேட்ஸில் அது 0.28 மில்லிமீற்றராக அடங்கி இருக்கிறது. 1600 ஹேட்ஸில் 1.13 ஆகிறது. 4000 ஹேட்ஸுக்குப் போனால் 2.83, அளக்க வந்த அதிர்வைவிட இரைச்சல் பெரிதாகிவிட்டது.

இதனால் வேறுபாட்டின் வாசிப்பு ஒரு விசித்திரமான பாதையில் செல்கிறது. 400 ஹேட்ஸில் வீச்ச இழப்பும் இரைச்சலும் சேர்ந்து 1.77 என்று காட்டும், உண்மைக்குக் கீழே. 1600 ஹேட்ஸில் 2.28, உண்மைக்கு மேலே. 4000 ஹேட்ஸில் ஏறத்தாழ 3.5. இடையில் எங்கோ ஓரிடத்தில் குறைவும் மிகையும் சமப்பட்டு, தற்செயலாகச் சரியான 2.0 ஐயே காட்டும். அந்த வீதத்தைக் கண்டுபிடித்துவிட்டு, இதுவே பொருத்தமான வீதம் என்று மகிழ்பவரை எதிர்த்து வாதாடுவது கடினம். மாதிரி வீதத்தைக் கூட்டும்போது வாசிப்பு ஒரு பெறுமானத்தை நெருங்கி நிலைகொள்கிறதா, அல்லது வீதத்துடன் சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பதே இதைக் கண்டுகொள்ளும் வழி. ஏறிக்கொண்டே போனால் நாம் அளப்பது இரைச்சலை.

வகையிட்ட பிறகு 200 ஹேட்ஸுக்கு மேலுள்ளதை ஒரு வடிகட்டியால் அறுத்துவிடலாம். இந்த இரைச்சலின் பெரும்பங்கு மேல் மீடிறன்களில் குவிவதால் அது நன்றாகவே பயன்தரும். ஆனால் அப்போது நாம் பயன்படுத்துவது ஒரு வரி விதி அல்ல. வடிகட்டியின் வீச்சமும் அவத்தையும் கணக்குக்குள் வந்துவிடுகின்றன. இடப்பெயர்ச்சி உணரிக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. அது தன்னைத் தாங்கும் பிடிக்கும் இலக்குக்கும் இடையிலான தூரத்தை மட்டுமே அறியும். பிடியைப் பூட்டக் கிடைத்த இடம் அதே மரத்தளம். தளமும் விசிறியுடன் சேர்ந்து ஆடியது. எந்தக் கணித விதியும் அதைத் திருத்தித் தராது.

அவத்தைப் பிழையைப் பற்றி நான் முதலில் கொண்ட அச்சம் மிகையானது. முதல் வேறுபாட்டின் அவத்தைப் பிழை மீடிறனுடன் நேர்விகிதத்தில் வளர்வதால், அது உண்மையில் அரை மாதிரி நேரத் தாமதமே. 400 ஹேட்ஸில் 1.25 மில்லிசெக்கன். இரு மாதிரிகளின் வேறுபாடு அவற்றின் நடுப்புள்ளியில் உள்ள சாய்வைச் சொல்கிறது. நாமோ அதைப் பின்னைய மாதிரியின் நேரத்தில் எழுதி வைக்கிறோம். நேர முத்திரையை அரை மாதிரி முன்னே நகர்த்தினால் பிழை எல்லா மீடிறன்களிலும் முற்றாக மறைகிறது. ஒரு மாதிரி முன்னும் ஒரு மாதிரி பின்னுமாக எடுக்கும் மைய வேறுபாட்டைப் பயன்படுத்தினால் அந்த நகர்த்தலும் தேவையில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை வீச்சம்: 400 ஹேட்ஸில் அது 144 ஹேட்ஸ் கூறில் 0.34 பங்கை மட்டுமே விட்டுவைக்கும். அவத்தையைத் திருத்த எழுதும் முறையைச் சற்று மாற்றினால் போதுமானபோது, வீச்சத்தை இழப்பது நட்டமான வியாபாரம்.

வேகத்தின் வர்க்க இடை மூலத்துக்கு அவத்தை பொருட்டே இல்லை. விசிறியைச் சமநிலைப்படுத்த எடை பூட்டும்போதுதான் அது பொருட்டாகிறது. 24 ஹேட்ஸில் 10.8 பாகை தவறி எடையைப் பூட்டினால், அளவில் சரியான எடையாக இருந்தும் பழைய சமநிலையின்மையில் 19 சதவீதம் மிஞ்சி நிற்கும். சோதனை எடை ஒன்றைப் பூட்டி, அதற்கு முன்னும் பின்னும் அதே கருவியால் அதே வேகத்தில் அளந்து ஒப்பிடுபவருக்கு இந்த மாறாத கோணப் பிழை இரண்டு வாசிப்புகளிலும் ஒன்றாக வருவதால் தானாகவே கழிந்துவிடும். கனமான பக்கம் எதுவென்று நேரடியாகக் கோணத்தை வாசித்து எடை பூட்டுபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இனிச் சரிவகம். அதன் தோல்வி மேலே அல்ல, கீழே. இலட்சியத் தொகையி மீடிறன் பூச்சியத்தை நெருங்க எல்லையற்றுப் பெருக்குகிறது. சரிவகம் அதில் இலட்சியத்தை அணுவளவும் பிசகாமல் பின்பற்றுகிறது. இலட்சியத்துடன் மிக நன்றாக ஒத்துப்போகும் இடமே அது நம்மைக் கைவிடும் இடமும் ஆகும், ஏனெனில் உணரியிலிருந்து வரும் மாறிலி இயந்திரத்தின் அசைவு அல்ல. எங்கள் உணரி கிடையாகப் பூட்டப்பட்டிருந்தது. பூட்டும்போது ஒரேயொரு பாகை சரிந்திருந்தாலும், புவியீர்ப்பின் ஒரு பங்கு, அதாவது செக்கனின் வர்க்கத்துக்கு 171 மில்லிமீற்றர், மாறாத ஆர்முடுகலாக உள்ளே வரும். பெயாரிங் கூட்டின் பழைய வார்ப்பிரும்பு முகத்தில் ஒரு பாகைக்குள் நேராகப் பூட்டுவது இலேசான காரியமல்ல. தொகையிடத் தொடங்கி ஒரு செக்கனில் வேகம் 171 என்று காட்டும். பத்துச் செக்கனில் 1710. நாம் தேடுவதோ 2.0.

சராசரியை முதலில் கழித்துவிட்டுத் தொகையிடலாமே என்பது அடுத்த யோசனை. மாறிலி உண்மையிலேயே மாறாதிருந்தால் அது போதும். ஆனால் இந்த உணரிகளின் பூச்சியம் வெப்பநிலையுடன் நகரும். மழைக்காலத்தில் ஈரக் கொழுந்தை வாட்டச் சூடான காற்றைக் கலந்து அனுப்புவார்கள். மலைக்குளிரில் கிடந்த விசிறியின் உடல் அப்போது மெல்லச் சூடேறும். 60 செக்கன் பதிவில் உணரியின் பூச்சியம் ஈர்ப்பின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது செக்கனின் வர்க்கத்துக்கு 1 மில்லிமீற்றர், சீராக நகர்ந்தது என்று கொள்வோம். சராசரியைக் கழித்தபின் தொகையிட்டாலும், பதிவின் நடுவே 7.5 மில்லிமீற்றர் ஆழமுள்ள ஒரு குழிவு தோன்றும். திரையில் பார்த்தால் அதிர்வு ஒரு தொட்டில் துணிபோல வளைந்து தொங்கும். அப்படி வளைவைக் கண்டால், அல்லது பதிவின் நீளத்தைக் கூட்டும்போது வர்க்க இடை மூலம் கூடிக்கொண்டே போனால், குற்றவாளி தாழ் மீடிறனே.

வழக்கமான பரிகாரம் கசியும் தொகையி. முந்தைய கூட்டுத்தொகையை முழுதாகச் சுமக்காமல், ஒவ்வொரு மாதிரியிலும் சிறிதளவு ஒழுக விடுவது:

```
y[n] = a·y[n-1] + (T/2)(x[n] + x[n-1])
a ≈ 1 - 2π·fc/fs
```

fc என்பது கசிவு எந்த மீடிறனுக்குக் கீழே மேலோங்குகிறதோ அந்த எல்லை. 1600 ஹேட்ஸில் fc ஐ 2 ஹேட்ஸ் என்று வைத்தால் a ஏறத்தாழ 0.992. இங்கே பலர் செய்யும் தவறு, கசிவு மாறிலியை நீக்கிவிடும் என்று நம்புவது. கசிவு அதை நீக்குவதில்லை. வளராமல் நிறுத்துகிறது, அவ்வளவே. மாறாத ஆர்முடுகலை இந்தத் தொகையி 1/(2π·fc), அதாவது 0.08 செக்கனால் பெருக்கி அங்கேயே நிலைகொள்ளும். ஒரு பாகைச் சரிவின் 171 மில்லிமீற்றர் 13.6 மில்லிமீற்றர் வேகமாக நிற்கும். 4.5 என்ற எல்லையை மும்மடங்கு தாண்டிய அந்த எண்ணைப் பார்த்து விசிறியை உடனே நிறுத்தச் சொல்லியிருப்போம். சரியான விசிறியையும் பழுதென்று காட்டும் பிழை இது; 400 ஹேட்ஸில் கண்டது அதற்கு நேரெதிர். ஆகவே தொகையிடுவதற்கு முன்னே அதே 2 ஹேட்ஸில் ஓர் உயர்கடப்பு வடிகட்டியும் வேண்டும். அதன் முன்னால் மாறிலி பூச்சியமாகிறது. மெதுவான நகர்வும் அடங்குகிறது.

இதற்கும் விலை உண்டு. கசிவும் வடிகட்டியும் ஒவ்வொன்றும் 24 ஹேட்ஸில் அவத்தையை 4.8 பாகை முன்னே தள்ளுகின்றன, மொத்தம் 9.5 பாகை. எல்லா மீடிறன்களிலும் சரியாக 90 பாகை என்று நான் புகழ்ந்த சரிவகம், களத்தில் ஓடக்கூடிய வடிவத்துக்கு வந்ததும், 400 ஹேட்ஸில் முதல் வேறுபாடு செய்த 10.8 பாகைப் பிழைக்கு ஏறத்தாழ ஒப்பான பிழையைச் செய்கிறது. அதிலும் இது அரை மாதிரித் தாமதம் போல நேர முத்திரையை நகர்த்தித் தீர்க்கக்கூடியதல்ல, ஏனென்றால் ஒவ்வொரு மீடிறனிலும் அது வெவ்வேறு நேரம். தாளில் உள்ள துலங்கலை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்தவர் இதைக் காணமாட்டார். வீச்சத்தில் மட்டும் சேதம் சிறிது: 24 ஹேட்ஸில் 0.993 பங்கு.

இவ்வளவையும் வைத்து நாங்கள் தெரிந்தெடுத்தது ஆர்முடுகல் உணரியும் சரிவகமும்தான்: 1600 ஹேட்ஸில், கசிவுடனும் முன் வடிகட்டியுடனும். மேலே எடுத்த எண்களுக்கு அந்த வழி 1.96 என்று தருகிறது. உண்மையுடன் 2 சதவீத வித்தியாசம். எங்கள் தெரிவுக்கு அவத்தை காரணமல்ல. சரிவகத்தின் கோளாறு 2 ஹேட்ஸுக்குக் கீழே இருக்கிறது, எங்கள் அதிர்வு 24 இல் தொடங்குகிறது. ஆகவே கோளாறை அறுத்தெறிய இடம் இருக்கிறது. வேறுபாட்டின் கோளாறான இரைச்சலோ, நாம் காக்க வேண்டிய 144 ஹேட்ஸ் கூறு இருக்கும் பக்கத்திலேயே பெருகுகிறது. அத்துடன் ஆர்முடுகலாகப் பார்த்தால் அந்த 144 ஹேட்ஸ் கூறு ஈர்ப்பின் ஏழில் ஒரு பங்கு. எந்த உணரியும் அதைத் தெளிவாகக் காணும். இடப்பெயர்ச்சியாக அது 1.8 மைக்ரோமீற்றர்.

அதிர்வு மெதுவாக இருந்தால் இந்த முடிவு தலைகீழாகும். சிறிய நீர்மின் நிலையத்தின் முன்தொட்டியில் நீர்மட்டம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று அறிய எவரும் ஆர்முடுகலைத் தொகையிட மாட்டார்கள். அங்கே முதல் வேறுபாடே சரி. ஆனால் T ஐ நீட்ட வேண்டும்: 1 மில்லிமீற்றர் வரை மட்டுமே பிரித்தறியும் மட்ட உணரியைச் செக்கனுக்கு ஒரு தடவை வேறுபாடெடுத்தால், வேகம் செக்கனுக்கு 0 அல்லது 1 மில்லிமீற்றர் என்று துள்ளும்; நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்தால் அதே உணரி நிமிடத்துக்கு 1 மில்லிமீற்றர் வரை பிரித்துச் சொல்லும். நீர்மட்டம் அந்த ஒரு நிமிடத்தில் பெரிதாக வளைவதில்லை என்பதால் வீச்ச இழப்பும் பொருட்டல்ல.

மாதிரிகளை முழுப் பதிவாகச் சேர்த்துவைத்து, பின்னர் மீடிறன் நிறமாலையாக மாற்றிப் பார்ப்பவருக்கு இந்த இரண்டு விதிகளுமே தேவையில்லை. ஒவ்வொரு மீடிறனின் வீச்சத்தையும் நேரே 2πf ஆல் வகுத்து, 10 ஹேட்ஸுக்குக் கீழுள்ளதை விட்டுவிடலாம். 400 ஹேட்ஸ் பதிவிலிருந்தே 144 ஹேட்ஸின் 1.6 முழுதாகத் திரும்பி வரும். எங்கள் பழைய பதிவை அப்படித்தான் மீட்டுப் பார்த்தோம். மாதிரி வந்தவுடனேயே வேகத்தைக் காட்ட வேண்டிய சிறிய கருவியில்தான் சரிவகம் தேவைப்படுகிறது.

டீமேக்கரிடம் கொடுத்த தாளில் எண்ணுடன் ஒரு வரம்பையும் எழுதினோம். நியமம் 10 முதல் 1000 ஹேட்ஸ் வரையான அதிர்வைக் கேட்கிறது. 1600 ஹேட்ஸ் மாதிரி வீதத்தில் 800 க்கு மேல் எதுவும் தெரியாது. அதற்குக் கீழேயும் 600 ஹேட்ஸைத் தாண்டினால் சரிவகம் அதிர்வைப் பாதிக்கு மேல் குறைத்துக் காட்டும். 1000 ஹேட்ஸ் வரை 5 சதவீதப் பிழைக்குள் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 8200 ஹேட்ஸில் மாதிரி எடுக்க வேண்டும். இதழ்களின் 144 ஹேட்ஸுக்கு எங்கள் எண் நம்பத்தக்கது. பெயாரிங்கின் உராய்வு பற்றி அது எதையும் சொல்லவில்லை.